‘ப்ளாக்’ பண்றதுக்கு முன்னாடி ஒரு ஸ்கிரீன்ஷாட்!

பூம்புகாரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். இன்ஸ்டாகிராமில் கருவாடு விற்கிறார். ஒருவன் ஒவ்வொரு ரீல்ஸின் கீழும் வந்து, “ரேட் என்ன, கருவாட்டுக்குக் கேக்கலை” என்று ஆரம்பித்து அசிங்கமாக எழுதுகிறான். கோபத்தில் அவனை ப்ளாக் செய்துவிட்டார். மறுநாளே வேறு ஐ.டி-யில் வந்துவிட்டான். அவனுடைய போட்டோவையும் போன் நம்பரையும் ஸ்டோரியில் போட்டு, “எல்லாரும் ரிப்போர்ட் பண்ணுங்க” என்று எழுதினார். இன்ஸ்டாகிராம் நீக்கியதோ அவருடைய ஸ்டோரியைத்தான். “தப்பு செஞ்சது அவன். எனக்கு எதுக்கு வார்னிங்?” என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால், அந்த எச்சரிக்கை ப்ளாக் செய்ததற்காக வந்ததல்ல. Restrict, Mute, Block மூன்றையும் எத்தனை பேர் மீது பயன்படுத்தினாலும் அது உங்கள் கணக்குக்கு எதிரான குற்றமாகாது. அடுத்தவரின் போன் நம்பரைப் பொதுவில் போடுவது, பதிலுக்குக் கெட்ட வார்த்தையில் திட்டுவது, ஒருவர் மீது கூட்டத்தை ஏவிவிடுவது ஆகியவைதான் விதிமீறல். தொடங்கியது யார் என்று பார்க்காமல், பதிவில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். நூறு பேர் ரிப்போர்ட் செய்வதால் பலமும் கூடிவிடாது. விதிமீறலைக் காட்டும் ஒரு ரிப்போர்ட் போதும். உங்கள் கணக்கின் நிலையை செட்டிங்ஸில் Account Status பகுதியில் பார்க்கலாம். நீக்கியது தவறு என்று நினைத்தால், அங்கேயே மறுபரிசீலனை கேட்கலாம்.

சரி, அந்த ஆளை எப்படிக் கையாள்வது?

முதலில், ஒரே ஒரு பதில். “எனக்கு விருப்பமில்லை, இனி மெசேஜ் பண்ணாதீர்கள்.” அவ்வளவுதான். பெண்ணுக்கு விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிந்த பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு குற்றமாகச் சொல்கிறது. முதல் முறைக்கே மூன்று வருடம் வரை சிறை உண்டு. அந்த ஒற்றை வரி பின்னால் உங்களுக்குச் சாட்சி. அதன்பிறகு எதற்கும் பதில் வேண்டாம்.

அடுத்து Restrict. அவனுடைய ப்ரொஃபைலில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் வரும். அவனுக்குத் தகவல் போகாது. அவன் போடும் புது கமென்ட் அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் அனுமதித்தால் ஒழிய வாடிக்கையாளர்கள் பார்க்க முடியாது. மெசேஜ் தனிப் பெட்டிக்குப் போய்விடும். நீங்கள் படித்ததும் ஆன்லைனில் இருப்பதும் அவனுக்குத் தெரியாது. ஆளில்லாத திண்ணையில் உட்கார்ந்து கத்துவது மாதிரிதான்! ஆனால், உங்கள் பதிவுகளை அவனால் தொடர்ந்து பார்க்க முடியும். அது இதன் குறை.

Mute இந்த வேலைக்கு உதவாது. அது உங்கள் கண்ணை மட்டும் மூடும். அவன் வாயை மூடாது. ஓயாமல் ஸ்டோரி போடும் சித்தப்பாவுக்குத்தான் அது சரி.

Restrict செய்தபின் ஆதாரம் சேருங்கள். கமென்ட், மெசேஜ், அவனுடைய ப்ரொஃபைல் பக்கம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்ஸ்டாகிராம் கமென்ட்டில் தேதி இருக்காது, ‘2w’ என்றுதான் காட்டும். அதனால் தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். படத்தை வெட்டாமல் அப்படியே வைத்திருங்கள். ப்ரொஃபைல் லிங்க்கையும் சேமியுங்கள். பிறகு, ஒவ்வொரு கமென்ட்டையும் Report செய்யுங்கள்.

கடைசியில்தான் Block. காரணம் இருக்கிறது: ப்ளாக் செய்ததும், உங்கள் பதிவுகளில் அவன் போட்ட கமென்ட்டுகள் மறைந்துவிடும். ப்ளாக்கை எடுத்தாலும் திரும்பி வராது. பூம்புகார் வாசகி இழந்தது அதைத்தான். ப்ளாக் செய்யும்போது, அவனுடைய மற்ற கணக்குகளையும் இனி தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் வாய்ப்பு வரும். அதைத் தேர்ந்தெடுங்கள். வேறு நம்பர், வேறு மெயிலில் வந்தால் அதையும் தாண்டி வரலாம். வந்தால் மறுபடி முதலிலிருந்து: Restrict, ஸ்கிரீன்ஷாட், Report, Block.

ஆதாரத்துக்கு என்ன மதிப்பு என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. திருமணத்துக்கு மறுத்த பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதியவர் மீது 2004 பிப்ரவரியில் சென்னையில் புகார் வந்தது. அந்தப் பதிவுகளே கோர்ட்டில் ஆதாரமாயின. அதே வருடம் நவம்பர் 5-ம் தேதி எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு இரண்டு வருட சிறைத் தண்டனை கொடுத்தது. அதுதான் சுகாஸ் கட்டி வழக்கு.

அந்த வாசகிக்கு இன்னும் வழி இருக்கிறது. இரண்டாவது ஐ.டி-யின் கமென்ட்டுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம், அல்லது மாவட்ட சைபர் க்ரைம் போலீஸுக்குப் போகலாம். இந்த முறை ப்ளாக் கடைசியில்தான், சகோதரி!