வீடும் வேலையும்: நாலு பை போதுமென்று நினைத்தோம்



பலேர்மோவுக்குப் புதிதாக வந்த ஒரு குடும்பம் பலறோ சந்தைக்குப் பின்னால், அல்பெர்கேரியாவில் கீழ்மாடியில் ஓர் அறை எடுத்தது. சுவர்ப் பூச்சு உதிர்ந்து கிடந்தது. பூசிக் கொடுத்தால் இரண்டு மாத வாடகையைக் கழிப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் சாந்தகப்பையோடு போனோம்.

கணக்கை ஊர்முறையில்தான் போட்டோம். அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. நாலு சுவரும் சுற்றி 44 அடி, ஆக 440 சதுர அடி. கதவு யன்னலுக்கு 40 கழித்தால் 400. அரை அங்குலத் தடிப்புக்குப் பூசுவதென்றால் 400ஐ 24ஆல் பிரிக்க வேண்டும், ஏனென்றால் ஓர் அடிக்குள் 24 அரை அங்குலம் இருக்கிறது. ஏறக்குறைய 17 கன அடிச் சாந்து வரும். ஆனால் சீமெந்தையும் மணலையும் தண்ணீர் விட்டுக் குழைத்தால் அளவு சுருங்கிவிடும். அதற்காக மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, காய்ந்த பொருளாக 22 கன அடி என்று வைத்தோம். ஒன்றுக்கு ஐந்து கலவையில் மொத்தம் ஆறு பங்கு. அதில் ஒரு பங்கு சீமெந்து, அதாவது 3.7 கன அடி. ஒரு பை சுமார் ஒன்றேகால் கன அடி பிடிக்கும். மூன்று பை. கல் இடுக்குக்கும் கீழே கொட்டுவதற்கும் சேர்த்து நாலு பை. கணக்குச் சரி.

நாலு பை வாங்கினோம். இரண்டு சுவர் முடியப் பை முடிந்துவிட்டது. அப்போதுதான் பையைத் திருப்பிப் பார்த்தோம்: 25 கிலோ. எங்கள் கணக்கில் இருந்ததோ ஊரிலுள்ள 50 கிலோப் பை. இங்கே நாலு என்றால் எட்டு வாங்க வேண்டும். எங்களில் ஒருவர், “மணலைக் கூட்டி இழுப்பம்” என்றார். நல்ல காலம், வீட்டு அக்கா விடவில்லை. இருந்த சீமெந்தை நாலு சுவருக்கும் இழுத்திருந்தால் ஒன்றுக்குப் பத்தாகியிருக்கும். காய்ந்தபின் கையால் தடவினாலே மணல் கொட்டும். இன்னும் நாலு பை வாங்கி முடித்தோம்.

பைக் கணக்குத் திருந்தியது. பூச்சு நிற்கவில்லை. மழைகாலம் முடிய முன்னரே வெளிப்பக்கத்து இரண்டு சுவரிலும், நிலத்திலிருந்து நாலடி உயரம்வரை வெள்ளை உப்புப் பூத்தது. விரல் மடக்கித் தட்டினால் வெற்றுப் பானைபோலச் சத்தம். பிறகு பலகை பலகையாக விழுந்தது. விழுந்த துண்டின் பின்புறத்தில் மஞ்சள் கல்லின் மா ஒட்டியிருந்தது. சின்னவனுக்கு இருமலும் விடவில்லை.

காரணம் கல். பழைய பலேர்மோ வீடுகள் பல, பகேரியாவுக்குப் பக்கத்து அஸ்பிரா போன்ற இடங்களில் வெட்டின மஞ்சள் கல்லால் கட்டியவை. ‘தூபோ’ என்பார்கள். மென்மையான கல், கடற்பஞ்சுபோல நிலத்து ஈரத்தை உறிஞ்சும். முன்பு சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தபடியால் அந்த ஈரம் வெளியே ஆவியாகிப் போனது. நாங்கள் சீமெந்தால் வாயை அடைத்துவிட்டோம். ஈரம் உள்ளே நின்று, அதிலிருந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் உறைந்து, மென்கல்லையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. சீமெந்தைக் கூட்டினால் இன்னும் மோசம்.

ஆகவே இரண்டாம் முறை ‘கால்ச்சே இட்ராவுலிகா நத்துராலே’ என்ற சுண்ணாம்பு எடுத்தோம். கடையில் சொல்லும்போது ‘நத்துராலே’யை விடவேண்டாம். வெறும் ‘கால்ச்சே இட்ராவுலிகா’ என்று விற்பதில் சீமெந்து கலந்திருக்கக் கூடும். வெளிப்பக்கத்து இரண்டு சுவரும் சேர்ந்து 22 அடி நீளம், நாலடி உயரம், 88 சதுர அடி. கல் மேடுபள்ளமென்றபடியால் முக்கால் அங்குலத் தடிப்பு, இரண்டு தடவையாக. 88ஐ 16ஆல் பிரித்தால் ஐந்தரை கன அடி. மூன்றில் ஒன்று கூட்ட 7.3. ஒன்றுக்கு மூன்று கலவையில் நாலிலொரு பங்கு 1.8 கன அடி. சுண்ணாம்பு இலேசானது, 25 கிலோப் பையே ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி வரும். சேதாரத்தோடு இரண்டு பை போதுமாயிருந்தது.

உதிர்ந்ததை முழுக்கக் கொத்தி, தும்புத்தடியால் உப்பைத் தட்டி, கல்லை நனைத்துப் பூசினோம். முதற்பூச்சு இறுகச் சில நாள் விட்டு, அடுத்ததைப் பூசி, ஒரு கிழமை தண்ணீர் தெளித்தோம். மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் பூசவில்லை. பூசினால் மறுபடி வாயடைப்புத்தான். வெறும் சுண்ணாம்பு அடித்தோம். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் இதனால் நிற்காது, உப்புக் கொஞ்சம் பூக்கத்தான் செய்யும். ஆனால் தட்டினால் வெற்றுச் சத்தம் இல்லை.

புது மாடிக் கட்டடங்களில் செங்கல், சீமெந்துக்கல் சுவரென்றால் எங்கள் முதற்கணக்கே சரி, எட்டுப் பையாக வாங்குங்கள். எந்தச் சுவரென்று தெரியாவிட்டால் ஒரு மூலையில் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக, நகத்தால் கீறினாலே மா கொட்டினால், சீமெந்துப் பையைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.