மூணு மாசச் சர்க்கரை ஏமாற்றாதா?

கோயம்புத்தூர்ப் பக்கம் சர்க்கரை பற்றிப் பேச்சு எழுந்தால், அதை முடித்து வைக்க ஓர் எண் போதும். "மூணு மாசச் சர்க்கரை ஆறரைதானுங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் அடங்கிவிடுவார். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் வாயைக் கட்டி வெறும் வயிற்றுச் சர்க்கரையை ஏமாற்றலாம், எச்பிஏ1சியை ஏமாற்ற முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த நியாயம். அந்த நியாயத்தைக் கொஞ்சம் நீட்டி, டாக்டர் ஃப்ரக்டோசமைன் என்று எழுதிக் கொடுத்தால் அது வீண் செலவு என்கிறார்கள். நியாயத்தில் பாதி சரி. நீட்டிய பகுதிதான் தவறு.

முதலில் பெயர். ஃப்ரக்டோசமைன் என்றதும், "பழத்துச் சர்க்கரைங்களா? மாம்பழம் நிறுத்தோணுங்களா?" என்று கேட்கத் தோன்றும். பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரத்தத்தில் மிதக்கும் குளுக்கோஸ், தான் தொடும் புரதங்களில் மெல்ல ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டியதை அளந்தால் எச்பிஏ1சி. சீரத்தில் உள்ள புரதங்களில், முக்கியமாக அல்புமினில், ஒட்டியதை அளந்தால் ஃப்ரக்டோசமைன். ஒட்டிய பிறகு அந்த இணைப்பின் வடிவம் ஃப்ரக்டோஸை ஒத்திருப்பதால் இந்தப் பெயர் வந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஜான்சன், மெட்காஃப், பேக்கர் ஆகிய மூவரும் 1980களின் தொடக்கத்தில் இதற்கு ஓர் எளிய சாய முறையைக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. சாதாரண ரத்த மாதிரி போதும்.

எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி என்பதுதான் முதல் வாதம். சராசரிதான், ஆனால் எல்லா நாளுக்கும் சமப் பங்கு இல்லை. அந்த எண்ணில் ஏறக்குறைய பாதி, கடைசி ஒரு மாதத்தின் கணக்கு. மீதிப் பாதி அதற்கு முந்தைய மாதங்களுடையது. இன்சுலின் தொடங்கி மூன்று வாரம் ஆன ஒருவருக்கு இதைப் பார்த்தால் பழைய கணக்கும் புதிய கணக்கும் கலந்துதான் வரும். மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு அதில் தெளிவான பதில் இராது. அல்புமின் அப்படியில்லை. இரண்டு மூன்று வாரத்தில் அதில் பாதி உதிர்ந்து புதியது வந்துவிடும். அதனால் ஃப்ரக்டோசமைன் காட்டுவது கடந்த இரண்டு மூன்று வாரத்தை மட்டும்.

"வெறும் ரெண்டு வாரத்தை வச்சு என்ன பண்றது?" என்று இதையே குறையாகவும் சொல்வார்கள். மருந்தை மாற்றிய டாக்டருக்கு வேண்டியது அந்த இரண்டு வாரம்தான். வீசிங்குக்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துச் சர்க்கரை எகிறியவர், அடுத்த மாதம் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியவர் போன்றவர்களுக்கு மூன்று மாதம் காத்திருக்க நேரமில்லை. மூட்டு மாற்று சிகிச்சைக்கு முன் இந்த அளவு 290ஐத் தாண்டியவர்களுக்குத் தொற்றும் சிக்கல்களும் கூடுதலாக வருவதை அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். வழக்கமான அளவு சுமார் 200 முதல் 285 மைக்ரோமோல் வரை; லேபுக்கு லேப் சற்று மாறும்.

நம் ஊருக்கு முக்கியமான வாதம் அடுத்தது: எச்பிஏ1சி சர்க்கரையைத் தவிர வேறெதையும் பார்க்காது என்பது. உண்மையில் அது சிவப்பணுவின் வயதையும் சேர்த்தே பார்க்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்று வைத்துத்தான் கணக்கே போடப்படுகிறது. அணு அதிக நாள் சுற்றினால் அதிகச் சர்க்கரை ஒட்டும், சீக்கிரம் அழிந்தால் ஒட்ட நேரம் இராது. இரண்டிலும் ரத்தச் சர்க்கரை ஒன்றாகவே இருந்தாலும் எண் மாறிவிடும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இதில் பெரும்பங்கு இரும்புச்சத்துக் குறைவு. அந்த நிலையில் புதிய அணுக்கள் குறைவாகவே பிறப்பதால் ரத்தத்தில் கிழட்டு அணுக்கள் மிகுந்து, எச்பிஏ1சி பொய்யாக ஏறும். பொள்ளாச்சியில் 42 வயது அம்மணி ஒருவர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 8. எச்பிஏ1சி 6.8 என்று வருகிறது. சர்க்கரை நோய் என்று மாத்திரை எழுதப்படுகிறது. ஆனால் வீட்டில் விரல் குத்திப் பார்த்தால் காலையில் 105, சாப்பிட்ட பின் 150. ஃப்ரக்டோசமைன் 265. அதை 0.017ஆல் பெருக்கி 1.61ஐக் கூட்டினால், அந்த அளவுக்கு வரவேண்டிய எச்பிஏ1சி தோராயமாகக் கிடைக்கும்: 6.1. நோயின் வாசலில் நிற்கிறார், உள்ளே போகவில்லை. இரும்பு மாத்திரை கொடுத்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், சாப்பாட்டில் எதையும் மாற்றாமலே எச்பிஏ1சி இறங்கும். அந்தப் புகழைப் பக்கத்து வீட்டார் கொடுத்த ஆவாரம்பூக் கஷாயம் தட்டிக்கொண்டு போய்விடும்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. அதைப் பார்க்க மேற்கே மலைப்பக்கம் போக வேண்டும். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இலேயே பதிவு செய்தார்கள். ஆனைகட்டிப் பக்கம் வாழும் இருளர்களிடமும் அது உண்டு. அந்த நோய் முழுமையாக உள்ளவரின் சிவப்பணு சில வாரங்களிலேயே அழிந்துவிடும். போதாக்குறைக்கு அவர்களில் பலர் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். அப்படி ஒருவருக்கு எச்பிஏ1சி 5.4 என்று வந்து, ஃப்ரக்டோசமைன் 380 என்று வந்தால் எதை நம்புவது? அதே பெருக்கலைப் போட்டால் 8 தாண்டுகிறது. 5.4ஐ நம்பி அனுப்பினால் கட்டுப்படாத சர்க்கரையோடு மலையேறிப் போவார். நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களிடமும் சிறு வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் நடந்த ஆய்வொன்று, ஒரே சர்க்கரை அளவில் மரபணுவைச் சுமப்பவர்களின் எச்பிஏ1சி மற்றவர்களைவிடச் சுமார் 0.3 குறைவாக வந்ததை 2017இல் காட்டியது. டயாலிசிஸ் செய்துகொண்டு எரித்ரோபாய்டின் ஊசி போடுபவர்களுக்கும், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் எண் பெரும்பாலும் கீழே போகும்.

அப்படியானால் எச்பிஏ1சியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. கண், சிறுநீரகம், நரம்பு கெடாமல் காக்க எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று 1993இலும் 1998இலும் வந்த பெரிய ஆய்வுகள் எச்பிஏ1சியை வைத்தே சொல்லின. ஃப்ரக்டோசமைனுக்குப் பின்னால் அத்தனை நீண்ட சாட்சியம் இல்லை. சர்க்கரை நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லவும் அது பயன்படாது. அதற்கும் ஏமாறும் இடங்கள் உண்டு. சிறுநீரில் புரதம் கொட்டுபவருக்கும், கல்லீரல் சுருங்கி அல்புமின் 3 கிராமுக்குக் கீழே போனவருக்கும் ஃப்ரக்டோசமைன் பொய்யாகக் குறையும். தைராய்டு அதிகமானால் புரதம் சீக்கிரம் கரைவதால் ஃப்ரக்டோசமைன் குறையும். தைராய்டு குறைந்தால் ஏறும். கர்ப்பத்தில் சிவப்பணுவும் மாறும், அல்புமினும் நீர்த்துப்போகும். அங்கே இரண்டையும் விட விரல் குத்திப் பார்ப்பதே நம்பகம். புரதமும் கொட்டி, எரித்ரோபாய்டினும் போடும் சிறுநீரக நோயாளிக்கும் அதே வழிதான்.

ஆகவே வீட்டுக் குளுக்கோமீட்டர் எண்களும் மூணு மாச எண்ணும் ஒத்துப்போகாதபோது, மெஷின் சரியில்லை என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டு எண்களைக் குறித்த நோட்டையும் ஹீமோகுளோபின், அல்புமின் ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டு போங்கள். ரத்தம் ஏற்றியிருந்தாலோ, இரும்பு மாத்திரை சாப்பிட்டாலோ, குடும்பத்தில் யாருக்காவது அரிவாள் செல் இருந்தாலோ, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.