ஏழு படி, நான்கு நிமிடம்



முதல் முறையாகப் பாஸ்போர்ட் எடுப்பது எப்படி என்று கேட்டு வரும் கடிதங்கள் குறைவதே இல்லை. வளைகுடா வேலைக்குக் கிளம்பும் தம்பிகள், மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகள், மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போக வேண்டிய அம்மாக்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கட்டுரையாக எழுதினால் பத்திரமாகக் கத்தரித்து வைக்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் உட்காரும்போதுதான் அந்தத் தாள் வீட்டு அலமாரியில் இருப்பது நினைவுக்கு வருகிறது. அதனால் இந்த மாதம் அதை நான்கு நிமிட வீடியோவாக எடுத்திருக்கிறோம். அதை எப்படி அமைத்தோம் என்று சொல்லவே இந்தப் பக்கம். உங்கள் ஊர் நூலகத்திலோ மகளிர் குழுவிலோ சாதிச் சான்றிதழுக்கும் ஓய்வூதியத்துக்கும் இப்படி ஒன்று எடுக்க நினைப்பவர்கள் இருந்தால், அவர்களுக்கும் பயன்படும்.

முதலில் எழுதி வந்த வசனத்தில் பத்தொன்பது படிகள் இருந்தன. "இணையதளத்தைத் திறக்கவும்" ஒரு படி, "கீழே வரவும்" ஒரு படி. இவற்றை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே ஒரு விதி வைத்தோம்: விண்ணப்பிப்பவர் கைக்குப் புதிதாக ஏதாவது ஒன்று வந்து சேரும் இடத்தில்தான் ஒரு படி முடியும். அது ஒரு எண்ணாக இருக்கலாம், குறுஞ்செய்தியாக இருக்கலாம், ஒரு தாளாக இருக்கலாம். கைக்கு ஒன்றும் வராவிட்டால் அதற்குத் தனி எண் கிடையாது. இப்படிப் பார்த்தபோது பத்தொன்பதும் ஏழாகச் சுருங்கின. ஒவ்வொரு படியின் கடைசியிலும் "இது முடிந்ததற்கு அடையாளம்" என்று ஒரு வரி வருகிறது. பாதியில் குழம்பிப் போனவருக்குத் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அந்த வரி காட்டிக்கொடுக்கும்.

வீடியோவின் முதல் பத்து வினாடி, இது யாருக்கு என்று சொல்வதற்கே போகிறது. பதினெட்டு வயது முடிந்தவர், இதற்கு முன் பாஸ்போர்ட்டே எடுக்காதவர், சாதாரண முறையில் விண்ணப்பிப்பவர். குழந்தையாக இருந்தபோது பெற்றோர் எடுத்துக் கொடுத்திருந்தால்கூட நீங்கள் முதல் முறைக்காரர் இல்லை. "Re-issue" பக்கம் போக வேண்டும். தத்கால், தொலைந்துபோன பாஸ்போர்ட், திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றம் எதையும் தொடவில்லை. நம் உதவி ஆசிரியருக்கு இதில் வருத்தம்தான். ஆனால் "ஒருவேளை நீங்கள்..." என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியமும், அதற்குச் சம்பந்தமில்லாத பார்வையாளரைக் குழப்பிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொண்டோம். பெயர் மாரியம்மாள். வயது 22, அப்பா பெயர் குருசாமி, சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். ஏழு படிகளிலும் அவளையே பின்தொடர்கிறோம்.

1. தாள்களை மேசையில் பரப்புவது. முகவரிக்கு ஆதார். பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ. (1.10.2023 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ்தான் செல்லும்.) பத்தாம் வகுப்பில் தேறிய சான்றிதழுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது இருந்தால் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை விழாது. முத்திரை விழுந்தால், மலேசியாவும் வளைகுடாவும் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது தனி அனுமதி வாங்க வேண்டும். ஐம்பது வயது தாண்டிய அம்மாக்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பத்தாவது தேறாவிட்டாலும் அவர்களுக்கு அந்த முத்திரை கிடையாது. அடையாளம்: எல்லாத் தாளிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றன. இல்லாவிட்டால் திருத்திக்கொண்டு வந்த பிறகுதான் இரண்டாம் படி.

2. சரியான தளத்தில் பதிவு செய்வது. முகவரி www.passportindia.gov.in. கடைசியில் gov.in இருக்க வேண்டும். இதே போன்ற பெயரில் பணம் பறிக்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. அடையாளம்: உங்கள் பெயரில் ஒரு கணக்கு.

3. படிவம் நிரப்புவது. நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் இந்த ஒரு படிக்கே கொடுத்திருக்கிறோம். நம் ஊர்க்காரர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதற்குக் காரணம் நம் இனிஷியல். ஆதாரில் "மாரியம்மாள் கு" என்று இருக்கும். பாஸ்போர்ட் படிவமோ இனிஷியலை ஏற்காது. விரித்து எழுதச் சொல்லும். "Given Name" என்ற கட்டத்தில் Mariammal, "Surname" என்ற கட்டத்தில் Kurusamy என்று எழுதுவதுதான் நல்லது. எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாதே, இரண்டாவது கட்டத்தை வெறுமனே விட்டுவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விடலாம், படிவம் தடுக்காது. ஆனால் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, பார்வையாளர் விசாவில் வருபவர்களை அனுமதிக்க முடியாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது என்றாலும், அந்த இடைவெளியில் பயணத்துக்குத் தயாராக இருந்தவர்கள் தவித்துப் போனார்கள். விமான டிக்கெட் எடுக்கும் தளங்களும் இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்லும். அப்பா பெயர் அங்கே இருந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இங்கேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். Kurusamy, Gurusamy, Guruswamy மூன்றும் நமக்கு ஒரே ஆள்தான். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும். வீடியோவில் இந்த இடத்தில் முழுத் திரையையும் காட்டவில்லை. கைபேசியில் பார்ப்பவருக்கு அது எறும்பு வரிசை போலத் தெரியும். அந்த இரண்டு கட்டங்களை மட்டும் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாக விழுவதைக் காட்டினோம். படிவத்தை அனுப்பியதும் ARN என்ற எண் வரும். அதுதான் அடையாளம்.

4. பணம் கட்டித் தேதி வாங்குவது. 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். பணம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு. தேதியும் நேரமும் மையமும் தேர்ந்தெடுத்த பிறகுதான் இந்தப் படி முடியும். அடையாளம்: மூன்றும் உள்ள குறுஞ்செய்தி.

5. மையத்துக்குப் போவது. எல்லாத் தாளின் அசலோடும் போக வேண்டும். ஸ்டுடியோவில் படம் எடுக்கத் தேவையில்லை, படமும் விரல் ரேகையும் அங்கேயே எடுப்பார்கள். பின்புலம் வெள்ளை என்பதால் வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம். பாஸ்போர்ட் சேவை மையங்களில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்ட்டர்கள். ஏ-யில் தாள்களை ஸ்கேன் செய்து, விவரங்களைத் திரையில் காட்டிச் சரியா என்று கேட்பார்கள். அவசரத்தில் தலையாட்டிவிடாதீர்கள்; எழுத்துப் பிழையைச் சொல்ல அதுதான் நல்ல இடம். பி-யில் அரசு அலுவலர் அசலோடு ஒப்பிடுவார். சி-யில் முடிவு சொல்வார்கள். தபால் நிலையங்களில் இயங்கும் சிறிய மையங்களில் கவுன்ட்டர் பிரிவு இப்படியே இருக்காது. அடையாளம்: வெளியே வரும்போது கையில் இருக்கும் ஒப்புகைச் சீட்டு. அதில் உள்ள ஃபைல் நம்பரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. காவல் துறை சரிபார்ப்பு. இரண்டாவது பெரிய சிக்கல் இதுதான். மாரியம்மாள் சென்னை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்த ஊர்க்காரரும் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கும் வசதி 2018-லேயே வந்துவிட்டது. ஆனால் விசாரணை நடப்பது படிவத்தில் எழுதிய முகவரியில். ஆதாரில் உள்ளபடி கோவில்பட்டி முகவரியைத் தற்போதைய முகவரியாக எழுதிவிட்டு அவள் சென்னையில் இருந்தால், அங்கே வருகிற காவலரிடம் வீட்டில் இருப்பவர்கள் "பொண்ணு மெட்ராஸ்ல இருக்குதுங்க" என்று வெள்ளந்தியாகச் சொல்வார்கள். இந்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போய்விடும், பாஸ்போர்ட் நின்றுவிடும். பிறகு அலுவலகத்துக்கு நடையாக நடக்க வேண்டும். இதற்கான வழி முதல் படியிலேயே இருக்கிறது: விடுதி முகவரிக்கு ஆதாரை மாற்றிக்கொள்வது, அல்லது அந்த முகவரி உள்ள, படம் ஒட்டிய வங்கி பாஸ்புக் போன்ற வேறு சான்றைத் தயார் செய்வது. இந்தச் சரிபார்ப்புக்குத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது என்பதையும் வீடியோவில் தெளிவாகச் சொல்லியிருக்கிறோம். அடையாளம்: ஃபைல் நம்பரைப் போட்டுப் பார்த்தால் தளத்தில் நிலை மாறியிருக்கும்.

7. ஸ்பீட் போஸ்ட். படிவத்தில் எழுதிய அதே முகவரிக்கு வரும். தபால்காரர் அடையாளச் சான்று கேட்டால் காட்டுங்கள். கதவு பூட்டியே இருந்தால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விடும். அடையாளம்: கையில் பாஸ்போர்ட். கவரைப் பிரித்ததும் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர் நான்கையும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

படம் எடுத்த விதத்தில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். திரையின் மூலையில் படியின் எண் எப்போதும் நிற்கிறது. பார்ப்பவர் நிறுத்தி நிறுத்தித்தான் பார்ப்பார். நிறுத்திய இடத்தில் எண் தெரிய வேண்டும். இன்னொன்று, தளத்தின் பொத்தான்கள் எந்த மூலையில் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று குரலில் எங்குமே சொல்லவில்லை. தளத்தின் தோற்றம் மாறிக்கொண்டே இருக்கும், "மேலே வலது பக்கம் உள்ள நீலப் பொத்தான்" என்று பேசிவிட்டால் அன்றோடு வீடியோ பழசு. மாறக்கூடியவற்றை, முக்கியமாகக் கட்டணத்தை, தனி அட்டையாகக் கடைசியில் தேதியோடு வைத்திருக்கிறோம். மாறினால் அந்த அட்டையை மட்டும் மாற்றிவிடலாம்.

பார்த்துவிட்டு எழுதுங்கள். நன்றாக இருந்தது என்று எழுதுவதை விட, எத்தனையாவது படியில் நின்றுவிட்டீர்கள் என்று எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும். அடுத்து முதல் பட்டதாரி சான்றிதழுக்கு வசனம் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இ-சேவை மையத்தில் அதற்கு விண்ணப்பித்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்