எஸ்க்ரோ காப்பது நாணயத்தை மட்டுமே

கண்டி, அக்குறணை பகுதிகளில் இணையத்தில் வேலை செய்து யூஎஸ்டிடி என்ற டிஜிட்டல் நாணயமாக ஊதியம் பெறும் இளைஞர்களை எனக்குத் தெரியும். அதை ரூபாவாக்க அவர்கள் பைனான்ஸ் போன்ற தளங்களில் ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கிறார்கள். "எஸ்க்ரோ இருக்கிறது சேர், பயமில்லை" என்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

எஸ்க்ரோ என்பது நடுவரிடம் அமானிதமாக ஒப்படைப்பது. ஒருவர் 200 யூஎஸ்டிடியை 300 ரூபா வீதம் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓடர் வந்ததும் தளம் அந்த 200ஐப் பூட்டிவிடும். வாங்குபவர் 60,000 ரூபாவை விற்பவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பி, அனுப்பிவிட்டதாகத் தளத்தில் அறிவிப்பார். விற்பவர் கணக்கைப் பார்த்து நாணயத்தை விடுவிப்பார். இதில் தளத்தின் பொறுப்பில் இருப்பது நாணயம் மட்டுமே. வங்கிக் கணக்கு அதன் கண்ணுக்குத் தெரியாது. விடுவித்த நாணயம் திரும்பி வராது. ஆனால் வந்த ரூபா கைவிட்டுப் போகலாம்.

எளிய தந்திரம் காசோலை. வாங்குபவர் உங்கள் கணக்கில் காசோலையை வைப்புச் செய்துவிட்டு, ரசீதைப் படம் பிடித்து அனுப்பி அவசரப்படுத்துவார். நீங்கள் விடுவித்த பிறகு அந்தக் காசோலை பணமின்றித் திரும்பும். ஆகவே ரசீதையோ குறுஞ்செய்தியையோ நம்பாமல், வங்கிச் செயலியைத் திறந்து எடுக்கக்கூடிய மீதியைப் பார்க்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது மூன்றாம் ஆளின் பணம். மோசடிக்காரன் இணையத்தில் கைபேசி விற்பதாக விளம்பரம் போட்டு, அதை வாங்க வருபவரிடம் உங்கள் கணக்கு இலக்கத்தைக் கொடுக்கிறான். அந்த அப்பாவி 60,000 ரூபாவை உங்களுக்கு அனுப்புகிறார். நீங்கள் நாணயத்தை மோசடிக்காரனுக்கு விடுவிக்கிறீர்கள். கைபேசி கிடைக்காதவர் பொலிஸில் முறைப்பாடு செய்யும்போது அவர் கையில் இருப்பது உங்கள் கணக்கு இலக்கம். பணம் உண்மையாகவே வந்திருந்தாலும் கணக்கு முடக்கப்படலாம், விசாரணைக்கும் நீங்களே போக வேண்டிவரும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி பெயர்தான். பணம் அனுப்பியவரின் பெயர், தளம் காட்டும் வாங்குபவரின் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். "நானாவின் கணக்கிலிருந்து போட்டேன்" என்றால் விடுவிக்கக் கூடாது. வைப்பு இயந்திரத்தில் போட்ட காசும் அப்படித்தான். போட்டவர் யாரென்று உறுதியாகத் தெரியாது. உடனே தளத்தில் முறையிட்டு, வங்கிக்கும் அறிவியுங்கள். அவர் சொல்லும் வேறு கணக்குக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் அனுப்பியவர் தன் பணத்தைக் கேட்டு வரும்போது இரண்டாம் முறையும் கொடுக்க நேரும். வந்த கணக்குக்கே வங்கியூடாகத் திரும்ப வேண்டும்.

மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி வழங்கவில்லை என்று மத்திய வங்கி 2022இல் அறிவித்தது. எனவே வெளிநாட்டுத் தளத்தோடு பிணக்கு வந்தால் இங்கே முறையிட ஒழுங்குபடுத்தும் அமைப்பைத் தேடுவது கடினம். பெற்றோரின் கணக்கைப் பிள்ளைகள் இதற்குப் பயன்படுத்தும் வீடுகளில் முடங்குவது சம்பளமும் ஓய்வூதியமும் வரும் அதே கணக்குத்தான்.