பேரை மாத்திட்டீங்களா? மார்க் ஷீட்டை விடுங்க, ஏஆர்என்-ஐ பாருங்க!



கல்யாணம் ஆகி இனிஷியல் மாத்தினவங்க, நியூமராலஜி பார்த்து ரெண்டு எழுத்து சேர்த்தவங்க, சின்ன வயசுல வச்ச பேரு பிடிக்காம மாத்தினவங்க, எல்லாரும் கெசட்ல பேர் வந்ததும் கேக்கிற முதல் கேள்வி ஒண்ணுதான். "என்னோட பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி சர்டிபிகேட்ல எல்லாம் பேரை எப்படி மாத்துறது?"

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். பெரும்பாலானவங்க அதைத் தொடவே வேண்டாம். உடனே மாத்த வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. அதை யாரும் கேக்கிறதில்ல.

உங்க கையில இருக்கிற சான்றிதழ்களை ரெண்டு வகையா பிரிங்க. முதல் வகை, நடந்து முடிஞ்ச ஒரு விஷயத்தோட பதிவு. இந்தப் பதிவு எண்ல, இந்தப் பேர்ல இருந்தவர், இந்த வருஷம் பாஸ் பண்ணார், அவ்வளவுதான். மார்க் ஷீட்டும் டிகிரியும் இந்த வகை. ரெண்டாவது வகை, இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கிற அனுமதி. அதுக்கு ஒரு எண் இருக்கும், காலாவதி தேதி இருக்கும், யார் வேணா தேடிப் பார்க்கக்கூடிய ஒரு பதிவேடு இருக்கும். அதை வச்சு நீங்க சம்பாதிப்பீங்க. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்களோட என்ஐஎஸ்எம் சான்றிதழும் ஏஆர்என்னும் இந்த வகை.

கெசட்ல "இனிமேல் இந்தப் பேரால் அழைக்கப்படுவேன்"னுதான் போடுவாங்க. 'இனிமேல்'ங்கிற வார்த்தைதான் இங்க முக்கியம். நேத்து வரைக்கும் நீங்க பழைய பேர்ல இருந்தீங்கங்கிறதை அது அழிக்கல. அதனால பழைய பேர்ல இருக்கிற மார்க் ஷீட் தப்பான ஆவணம் இல்ல. அது சரியாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கும் செல்லுபடியாகுற லைசென்ஸ் பழைய பேர்ல இருந்தா, அதுதான் பிரச்சினை.

2021 ஜூன்ல ஜிக்யா யாதவ் வழக்குல உச்ச நீதிமன்றம் சிபிஎஸ்இ சம்பந்தமா சொன்னதும் இந்தப் பிரிவினையைத்தான் காட்டுது. பள்ளிப் பதிவுல சரியா இருந்து சான்றிதழ்ல தப்பா வந்திருந்தா அது 'திருத்தம்'. விருப்பப்பட்டு பிறகு பேரை மாத்தினா அது 'மாற்றம்'. மாற்றத்துக்கு நீதிமன்ற அனுமதி, கெசட் அறிவிப்புன்னு நிபந்தனைகள் உண்டு. புது சான்றிதழ்லயும் பழைய பேரையும் சேர்த்துக் காட்டச் சொல்லி இருக்காங்க. அதாவது இவ்வளவு அலைஞ்ச பிறகும் பழைய பேரு அந்தக் காகிதத்தை விட்டுப் போகாது. மார்க் ஷீட் கூட கெசட் நகலை வச்சா கிடைக்கிற பலனும் இதேதான்!

ஒரு உதாரணம் பார்க்கலாம்

மலர்விழின்னு ஒரு மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்னு வச்சுக்கோங்க. பன்னிரண்டாவது மார்க் ஷீட்ல `MALARVIZHI S`. பான் கார்டுல `MALARVIZHI SUNDARAM`, ஏன்னா பான்ல கடைசிப் பேரை இனிஷியலா போட விடமாட்டாங்க, விரிச்சுத்தான் எழுதணும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பேரைச் சேர்த்து `MALARVIZHI KARTHIKEYAN` ஆகணும்னு நினைக்கிறாங்க.

பலர் தடுக்கி விழற இடம் கெசட் விண்ணப்பம்தான். நம்ம வழக்கப்படி "எஸ். மலர்விழி, இனிமேல் கே. மலர்விழி"ன்னு எழுதிக் கொடுத்துடுவாங்க. கெசட்ல `K. MALARVIZHI`ன்னு வந்துடும். ஆனா பான்ல அந்தப் பேர் வராது, விரிச்ச பேர்தான் வரும். அப்போ கெசட்ல இருக்கிற புதுப் பேரும் பான்ல இருக்கிற புதுப் பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்காது. ஒரே கேள்வியைத் தீர்க்கப் போய் இன்னொரு கேள்வியை உருவாக்கினதுதான் மிச்சம். அதனால விண்ணப்பத்துலயே புதுப் பேரை பான்ல எப்படி வரணுமோ அப்படியே முழுசா எழுதுங்க. ஸ்பெல்லிங், இடைவெளி உட்பட!

"திருமணச் சான்றிதழே போதுமே?"ன்னு கேப்பீங்க. பான் மாத்த அது போதும். ஆனா திருமணச் சான்றிதழ் சொல்றது, இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சுங்கிறதைத்தான். இவங்களோட புதுப் பேரு இதுன்னு அதுல எங்கேயும் இருக்காது. பழைய பேரையும் புதுப் பேரையும் ஒரே வாக்கியத்துல அச்சடிச்சுத் தர்ற ஆவணம் கெசட். இன்னும் முப்பது வருஷம் வேலை, வெளிநாடு, பென்ஷன்னு மார்க் ஷீட்டைக் காட்டப் போறீங்கன்னா, அந்த ஒரு வாக்கியம் கையில இருக்கிறது நல்லது.

எந்த வரிசையில மாத்தணும்?

கெசட் வந்ததும் முதல் வேலை ஆதார். ஆனா அதுக்கு முன்னாடி பழைய ஆதார், பழைய பான், ரெண்டையும் ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க. டிஜிலாக்கர்ல இருக்கிற சான்றிதழ்களையும் பிடிஎஃப்-ஆ இறக்கி வச்சுக்கோங்க. டிஜிலாக்கர் ஆதார் பேரை வச்சுத்தான் பொருத்திப் பார்க்கும். ஆதார் மாறின பிறகு, பழைய பேர்ல இருக்கிற ஆவணத்தைப் புதுசா எடுக்கப் போனா பேர் பொருந்தலைன்னு நிக்கலாம். இன்னொண்ணு, ஆதார்ல பேரை மாத்த வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் அனுமதி. அதுல ஒரு தடவையை இனிஷியல் போட்டு வீணாக்காதீங்க. பான்ல வரப்போற அதே முழுப் பேரையே கொடுங்க.

அடுத்து பான். ஆதார் இ-கேஒய்சி மூலமா பான் திருத்தினா ஆதார்ல இருக்கிற பேருதான் வரும். அதனாலதான் ஆதார் முதல்ல. பான்ல அப்பா பேரு அப்படியே இருக்கும், கல்யாணத்தால அது மாறாது. மலர்விழிக்கு இது ஒரு நல்ல விஷயம். மார்க் ஷீட்ல இருக்கிற `S` யாருன்னு புது பான் கார்டே சொல்லிடும்.

அதுக்குப் பிறகு கமிஷன் வர்ற வங்கிக் கணக்கு. அதுக்கும் பிறகுதான் என்ஐஎஸ்எம், கடைசியா ஆம்ஃபியோட ஏஆர்என் பதிவு. நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க. ஏஆர்என்-ஐ முதல்ல மாத்தச் சொல்லிக் கேட்டா, "உங்க பான்ல பழைய பேருதானே இருக்கு"ன்னு திருப்பி அனுப்பத்தான் செய்வாங்க. என்ஐஎஸ்எம் பதிவு பானோட கட்டப்பட்டது. பான் மாறாம அங்க எதுவும் நகராது.

கேக்கும்போது என்ன கேக்கணும்?

"என் பேர் மாறிடுச்சு, சர்டிபிகேட் மாத்திக் கொடுங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க. பதிவு எண், அந்தச் சான்றிதழ்ல அச்சாகி இருக்கிற பழைய பேரு, புது பான்ல இருக்கிற புதுப் பேரு, ரெண்டையும் இணைக்கிற கெசட் பக்கம், இந்த நாலும் ஒரே கோரிக்கையில இருக்கணும். என்ன வேணும்ங்கிறதையும் தெளிவா எழுதுங்க. "பதிவேட்டில் பெயரை மாற்றவும், பதிவு எண்ணும் செல்லுபடி தேதிகளும் மாறாமல் இருக்க வேண்டும், புதிய பெயரில் சான்றிதழ் வழங்கவும்."

இதுல பதிவேடுதான் முக்கியம், காகிதம் ரெண்டாவது. வாடிக்கையாளர் உங்க சர்டிபிகேட்டை வாங்கிப் பார்க்கப் போறதில்ல. ஆம்ஃபி தளத்துல ஏஆர்என் எண்ணைப் போட்டுத் தேடுவார். அங்க பழைய பேர் இருந்து, விசிட்டிங் கார்டுல புதுப் பேர் இருந்தா, "இது வேற யாரோட எண்ணோ?"ன்னு சந்தேகம் வரும். அதனால வேலை முடிஞ்சுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க, புது பிடிஎஃப் வந்துச்சான்னு பார்க்காதீங்க. வேற ஒரு போன்ல இருந்து உங்க எண்ணை நீங்களே தேடிப் பாருங்க. அங்க புதுப் பேர் வந்தாதான் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

என்ஐஎஸ்எம் V-A சான்றிதழுக்கு மூணு வருஷம்தான் ஆயுள். "எப்படியும் புதுப்பிக்கப் போறோம், அப்போ பேரை மாத்திக்கலாம்"னு சிலர் விட்டுடறாங்க. அதுல ஒரு ஆபத்து இருக்கு. பான்ல புதுப் பேரு, தேர்வுக்குப் பதிவு பண்ணினது பழைய பேரு. ரெண்டும் பொருந்தலைன்னா தேர்வு மையத்துல உள்ளே விடாம திருப்பி அனுப்பலாம். கட்டின கட்டணம் போயிடும். காலாவதி தேதி நெருக்கத்துல இது நடந்தா, ஏஆர்என் புதுப்பிப்பும் சேர்ந்து நிக்கும். அதனால தேர்வுக்குப் பதிவு பண்றதுக்கு முன்னாடியே என்ஐஎஸ்எம் கணக்குல பேரைச் சரி பண்ணிடுங்க.

அப்போ மார்க் ஷீட்?

புது வேலைக்குப் போறீங்கன்னா, பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்துல 'முந்தைய பெயர்'ங்கிற கட்டத்தைக் காலியா விடாதீங்க. படிச்சப்போ இருந்த பேரை எழுதி கெசட் நகலை இணைச்சுடுங்க. சரிபார்க்கிறவங்க அந்தப் பழைய பேரை வச்சுப் பல்கலைக்கழகத்துல கேப்பாங்க, பதிவு பொருந்திடும். அதை எழுதாம விட்டாத்தான் "அப்படி ஒருத்தர் இங்க படிக்கல"ன்னு பதில் வரும். தப்பு மார்க் ஷீட்ல இல்ல, படிவத்துல.

என் கருத்துக்கு ரெண்டு விதிவிலக்கு இருக்கு. மார்க் ஷீட்ல ஆரம்பத்துலயே எழுத்துப் பிழை இருந்தா, அது திருத்தம். பள்ளிப் பதிவேட்டை வச்சு தலைமை ஆசிரியர் வழியா கண்டிப்பா மாத்துங்க. அடுத்தது, திருநர்கள். பழைய பேரைக் காட்டுற ஒவ்வொரு தடவையும் அவங்க தன்னோட வாழ்க்கையையே முன்பின் தெரியாதவங்களுக்கு விளக்க வேண்டி வருது. அவங்களைப் பார்த்து "கெசட் நகலை வச்சுச் சமாளிங்க"ன்னு சொல்றது நியாயம் இல்ல. 2019 சட்டத்துல அடையாளச் சான்றிதழை வச்சு ஆவணங்கள்ல முதல் பேரை மாத்துற உரிமை இருக்கு. அதைக் கேட்டு வாங்கணும்.

மத்த எல்லாருக்கும் நான் சொல்றது இதுதான். கெசட் பக்கத்தைப் பத்து நகல் எடுத்து மார்க் ஷீட் ஃபைல்ல வைங்க. அலையுறதுக்கு வச்சிருந்த நேரத்தை, உங்களுக்கு வருமானம் தர்ற அந்த ஒரு எண்ணுக்குக் கொடுங்க.

நீங்க எந்தத் துறையில, எந்தப் பதிவுல பேரை மாத்தினீங்க, எங்க சிக்கிச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவில அதை எடுத்துப் பேசலாம்.