விழுங்கினால் தொண்டை வலிக்கிறதா? உப்புத் தண்ணீர் எதுவரை கைகொடுக்கும்?

கோவை காந்திபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ``என் மகளுக்கு 9 வயது. நேற்று காலையிலிருந்து எச்சில் விழுங்கினால்கூட தொண்டை வலிக்கிறது என்கிறாள். 102 டிகிரி காய்ச்சல் இருக்கிறது. சளி, இருமல் எதுவும் இல்லை. `உப்புத் தண்ணி கொப்பளிச்சா சரியாப் போயிரும் கண்ணு' என்கிறார் என் அத்தை. பக்கத்து வீட்டு அக்காவோ, அவர் மகனுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையில் 2 மிச்சம் இருக்கிறது, கொடுத்துப் பார் என்கிறார். என்ன செய்வது?''

அத்தை சொல்வதில் பாதி சரி. அக்கா சொல்வதை மட்டும் செய்ய வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

உப்புத் தண்ணீர் என்ன செய்கிறது?

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் (சுமார் 240 மி.லி) அரை டீஸ்பூன் தூள் உப்பைப் போட்டு நன்றாகக் கரையுங்கள். இந்த அளவில் அந்தத் தண்ணீர் நம் உடல் திரவத்தைவிடச் சற்று உப்பாக இருக்கும். அதனால், வீங்கியிருக்கும் தொண்டைச் சதையில் தேங்கிய நீரைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் கோழையையும் இளக்கும். வீக்கம் குறைவதால் விழுங்கும்போது வலியும் குறைகிறது. தலையைச் சற்று அண்ணாந்து, அரை நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஒரு நாளைக்கு 3, 4 முறை செய்யலாம்.

உப்பைக் கூட்டினால் சீக்கிரம் குணமாகும் என்பதில்லை, தொண்டை வறண்டு எரியும். கொதிக்கக் கொதிக்கக் கொப்பளித்தால் புண்ணான இடம் இன்னும் வெந்துபோகும். துப்பத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம், புரையேறிவிடலாம்.

உப்புத் தண்ணீர் குறைப்பது வலியை மட்டும்தான். டான்சிலுக்குள் இருக்கும் பாக்டீரியாவை அது அழிப்பதில்லை. `கொப்பளித்ததும் தேவலை' என்பதை வைத்து, உள்ளே பாக்டீரியா இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

வைரஸா, பாக்டீரியாவா?

தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. தொண்டை வலியோடு வரும் குழந்தைகளில் 10 பேரில் 2, 3 பேருக்குத்தான் `குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பாக்டீரியா காரணமாக இருக்கும். பெரியவர்களில் அது இன்னும் குறைவு. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க மருத்துவர்கள் முக்கியமாக 4 விஷயங்களைக் கவனிப்பார்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருக்கிறதா? இருமல் இல்லாமல் இருக்கிறதா? கழுத்தின் முன்பக்கம், தாடைக்குக் கீழே நெறி கட்டி, தொட்டால் வலிக்கிறதா? டான்சில் வீங்கியோ, அதன் மேல் வெள்ளைத் திட்டுகளோடோ இருக்கிறதா? இவை கூடக் கூட பாக்டீரியா சந்தேகமும் கூடும். 3 முதல் 14 வயதுக்குள் என்றால் சந்தேகம் இன்னொரு படி ஏறும். மாறாக மூக்கு ஒழுகுதல், இருமல், குரல் கம்முதல், கண் சிவத்தல் இருந்தால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வாசகியின் மகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். காய்ச்சல் இருக்கிறது, இருமல் இல்லை, வயது 9. நெறி கட்டியிருப்பதையும் டான்சிலையும் பார்ப்பதற்கு முன்பே 3 காரணங்கள் சேர்ந்துவிட்டன. எனவே, இந்தக் குழந்தையை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இதே வீட்டில் அப்பாவுக்கும் தொண்டை வலித்து, கூடவே மூக்கு ஒழுகி, இருமலும் இருந்து, காய்ச்சல் இல்லையென்றால், அவர் உப்புத் தண்ணீரும் ஓய்வுமாக ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம்.

ஆனால் எல்லா அறிகுறிகளும் இருந்தால்கூட, பாக்டீரியாவாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். டார்ச் அடித்துப் பார்த்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் பஞ்சு சுற்றிய குச்சியால் டான்சிலைத் தடவி எடுத்து, கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்புகிறார்கள். முடிவு தெரிய ஓரிரு நாள் ஆகும். சில இடங்களில் நிமிடங்களில் முடிவு சொல்லும் ரேப்பிட் டெஸ்ட்டும் உண்டு. அறிகுறிகளை வைத்தே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவதும் உண்டு.

தானாகக் குறைவதுதான் சிக்கல்

ஸ்ட்ரெப் தொண்டை வலி, மருந்தே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் 3 முதல் 5 நாள்களில் அடங்கிவிடும். `உப்புத் தண்ணியிலேயே சரியாப்போச்சு' என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் அந்த பாக்டீரியாவை எதிர்க்க உருவான எதிர்ப்பு சக்தி, சில குழந்தைகளுக்கு 2, 3 வாரங்கள் கழித்து சொந்த உடலையே தாக்கத் தொடங்கும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறது. இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று மூட்டு மாறி மாறி வீங்கி வலிக்கும். மூட்டு வலி போய்விடும், ஆனால் இதய வால்வில் விழுந்த பாதிப்பு ஆயுளுக்கும் நிலைக்கலாம். வால்வு பழுதுக்காக அறுவை சிகிச்சைக்கு வரும் இளவயதினர் பலரின் கதை, இப்படிக் கவனிக்காமல் விட்ட ஒரு தொண்டை வலியில் தொடங்கியதுதான்.

தொண்டை வலி தொடங்கிய 9 நாள்களுக்குள் சரியான ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் இதைத் தடுத்துவிட முடியும். அதனால் டெஸ்ட் முடிவுக்காக ஓரிரு நாள் காத்திருப்பதில் தவறில்லை.

மிச்ச மாத்திரை ஏன் கூடாது?

ஸ்ட்ரெப் என்று உறுதியானால் பென்சிலின் அல்லது அமாக்சிசிலினை குழந்தையின் எடைக்கேற்ற அளவில், 10 நாள்கள் முழுமையாகக் கொடுப்பதே வழக்கமான சிகிச்சை. 2 மாத்திரைகள் கொடுத்தால் காய்ச்சல் குறைவதுபோலத் தெரியும், பாக்டீரியா முழுதாக ஒழியாது. அதோடு, ஆன்டிபயாடிக் உள்ளே போன பிறகு எடுக்கும் கல்ச்சரில் பாக்டீரியா தென்படாமலும் போகலாம். அப்போது மருத்துவருக்கும் குழப்பம். பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களுக்கு வேறு மருந்து தேவை என்பதால், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து தொடங்கி ஒரு நாள் முடிந்து, காய்ச்சலும் விட்டபிறகு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாம். மாத்திரையை மட்டும் 10-வது நாள் வரை நிறுத்தக் கூடாது.

அதுவரை வலிக்கும் காய்ச்சலுக்கும் எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். விழுங்க எளிதான அரிசிக் கஞ்சி, குழைந்த ரசம் சாதம், இளநீர் எனக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயிலிருந்து வழிவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வீங்குவது, வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல குரல் மாறுவது, மூச்சு விடும்போது சத்தம் வருவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் கல்ச்சர், கொப்பளிப்பு எதற்கும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கோவை வாசிகளுக்குத் திருச்சி சாலையில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்ததுபோல இருந்தால் அது தொண்டை அடைப்பான் நோயாகவும் இருக்கலாம். 5-6 வயதில் போடவேண்டிய டி.பி.டி பூஸ்டர் ஊசி விடுபட்ட குழந்தை என்றால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.