டெலிவரி டைம்... சராசரியை நம்பாதீங்க!

கீழ்க்கட்டளையில் ஒருவர் வீட்டில் சமைத்து, மதியச் சாப்பாடு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 10 பார்சல்கள் போய்ச் சேர எடுத்துக்கொண்ட நிமிடங்கள் இவை: 22, 24, 25, 26, 28, 28, 30, 32, 35, 150. கடைசி பார்சல் மட்டும் மேடவாக்கம் மெயின் ரோட்டில், மழைத் தண்ணீரில் மாட்டிக்கொண்டது.

மொத்தம் 400 நிமிடம். சராசரி 40. ஆனால், 40 நிமிடத்தை ஒட்டி ஒரு பார்சல்கூடப் போகவில்லை. 9 பேருக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது; ஒருவர் இரண்டரை மணி நேரம் காத்திருந்தார். அந்த ஒரு பார்சல்தான் கணக்கையே இழுத்துவிட்டது.

இதற்குத்தான் மீடியன். நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுக்க வேண்டும். இங்கே நடுவில் இருக்கும் இரண்டுமே 28. வழக்கமாக ஆகும் நேரம் இதுதான். ஆனால், இதையே வாடிக்கையாளரிடம் சொன்னால் பாதிப் பேருக்குத் தாமதமாகலாம். அதற்கு 90-வது பெர்சன்டைலைப் பாருங்கள். பத்தில் ஒன்பது பார்சல்கள் 35 நிமிடத்துக்குள் போயிருக்கின்றன. '35 நிமிடம்' என்று சொல்வதே நியாயம்.

ஒரு எச்சரிக்கை... அந்த 150, 300 ஆனாலும் இந்த 28-ம் 35-ம் மாறாது. அதனால், பசியோடு காத்திருந்த அந்த ஒருவரைத் தனியாகக் கவனியுங்கள். 10 பார்சல் போதாது. ஒரு மாதக் கணக்கை எழுதிவைத்துப் பாருங்கள்!